விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரல்: எந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது

மும்பையில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஓடுவதற்கு இடம் கிடையாது. டிசம்பர் கடைசியில் ஒரு நாள், ஒரு மைதானத்தை மதியம் 1 மணி வரைக்கும் வாடகைக்கு எடுத்து விளையாட்டு விழா நடத்துகிறார்கள். 1 மணிக்குக் கிரிக்கெட் பையன்கள் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்கள். அந்த மாதத்தில் இங்கே சூரியன் உதிக்கவே 7 மணி தாண்டிவிடும். 8 மணிக்கு முன்னால் எதையும் தொடங்க முடியாது. ஆக மொத்தம் கையில் இருப்பது 5 மணி நேரம்.

பி.டி. சார் குறிப்பு எழுதித் தருவார். வகுப்பு டீச்சர்கள் தங்கள் பங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதையெல்லாம் சேர்த்து நேரமும் இடமும் போட்ட ஒரு அட்டவணையாக்கித் தருவது சில வருடங்களாக என் வேலை. முதல் தடவை குறிப்பில் இருந்ததை அப்படியே கட்டம் கட்டித் தட்டெழுதிக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் காலை 10 மணிக்கே பயனில்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தப்பையும் பிடித்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்ததில் தெரிந்தவை இவை. உங்கள் அட்டவணையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்திலிருந்து படிக்கலாம். ஆனால் மேலே உள்ள தப்பு கீழே உள்ளதற்குக் காரணமாக இருப்பதுண்டு. அதனால் முதல் இரண்டையும் தாண்டிப் போகாதீர்கள்.

## அறிகுறி: போட்டிகளின் எண்ணிக்கை பி.டி. சார் சொன்னதைவிட அதிகம்

சார் 14 போட்டி என்கிறார், உங்கள் அட்டவணையில் 16 வரிசை இருக்கிறது. ஒரே போட்டி இரண்டு பெயரில் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மும்பையில் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். எங்கள் சார் மராத்திக்காரர். அவர் குறிப்பில் "லிம்பு சம்சா" என்று இருந்தது. ஒன்றாம் வகுப்புத் தமிழ் டீச்சர் "எலுமிச்சை ஓட்டம்" என்று அனுப்பியிருந்தார். இரண்டாம் வகுப்பிலிருந்து "கரண்டி ஓட்டம்" என்று வந்தது. நான் மூன்றையும் மூன்று வரிசையாகப் போட்டு, மூன்றுக்கும் தனித்தனி நேரம் கொடுத்தேன். மூன்றும் வாயில் கரண்டியைக் கவ்வி அதில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நடக்கிற அதே போட்டிதான்.

நேரம் போடுவதற்கு முன்னால் எல்லாப் போட்டிக்கும் ஒரு எண் கொடுத்துவிடுங்கள். ஓட்டப்பாதையில் நடப்பவை 1, 2, 3 என்றும், மணல் குழியில் நடப்பவை 21, 22 என்றும், சின்னப் பிள்ளைகளுடையவை 41, 42 என்றும் நான் வைத்துக்கொள்கிறேன். பிறகு ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, அதில் உள்ள பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். எண் கிடைக்காத பெயர் வந்தால் ஊகிக்க வேண்டாம். சாருக்குப் போன் போட்டு "இது எப்படி விளையாடுவது?" என்று கேளுங்கள். "பெயர் என்ன?" என்று கேட்டால் இன்னொரு பெயர்தான் கிடைக்கும்.

இந்த எண்ணால் இன்னொரு லாபமும் உண்டு. எக்செலில் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளில் தேடும்போது, பெயரை வைத்துத் தேடினால் "100 மீ" ஒன்று, "100மீ" வேறொன்று. கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், `#N/A` என்று வந்து நிற்கும். எண்ணை வைத்துத் தேடினால் அந்தத் தொல்லை இல்லை.

## அறிகுறி: ஒரு போட்டி மட்டும் வரிசை தவறி எங்கேயோ போய் நிற்கிறது

நேரப்படி வரிசைப்படுத்தியதும் பரிசளிப்பு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறதா? யாரோ அதை 12.15 என்று எழுதாமல், "1 மணிக்குள்" என்ற குறிப்பைப் பார்த்து 1:00 என்று போட்டிருப்பார்கள். எக்செலுக்கு அது விடியற்காலை 1 மணி.

இதைவிட நுட்பமான தப்பு ஒன்று உண்டு. நம் ஊரில் நேரத்தைப் புள்ளி வைத்து 9.30 என்று எழுதுவதுதான் வழக்கம். கட்டத்தில் அப்படி அடித்தால் எக்செல் அதை நேரமாக எடுத்துக்கொள்ளாது. தசம எண்ணாக எடுத்துக்கொண்டு, கடைசிச் சுழியத்தை உதிர்த்துவிட்டு 9.3 என்று வைத்துக்கொள்ளும். புள்ளியை முக்காற்புள்ளியாக மாற்றினால் சரியாகிவிடும் என்று மாற்றினேன். 9:3 ஆனது, அது 9:03 ஆனது. ஒன்பதரைக்கு நடக்க வேண்டியது ஒன்பது மணி மூன்று நிமிடத்துக்கு ஏறிவிட்டது. 9.15 மட்டும் சரியாகவே மாறியதால் சந்தேகமே வரவில்லை. நிமிடம் 10, 20, 30, 40, 50 என்று முடிகிற நேரங்கள் மட்டும் தப்பாக வருகிறதென்றால் காரணம் இதுதான்.

புள்ளி வைத்த எண் A2-இல் இருந்தால், இப்படி மாற்றுங்கள். 6-க்குக் குறைவான எண்ணைப் பிற்பகல் என்று எடுத்துக்கொள்ளும்:

```
=TIME(INT(A2)+IF(A2<6,12,0),ROUND(MOD(A2,1)*100,0),0)
```

மூன்றாவது வகைத் தப்புக்குக் கணினி பொறுப்பில்லை, நம் காதுதான் பொறுப்பு. சார் போனில் "பாவ்ணே தஹா" என்றார். தஹா என்றால் பத்து. கூடவே முக்கால் என்று ஏதோ காதில் விழுந்த நினைப்பில் "பத்தே முக்கால்" என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னது பத்துக்குக் கால் மணி குறைவு, அதாவது 9.45. முழுதாக ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. தமிழில் நாம் கடந்துபோன மணியைச் சொல்லி முக்காலைச் சேர்ப்போம். மராத்தியிலும் இந்தியிலும் வரப்போகும் மணியைச் சொல்லிக் காலைக் குறைக்கிறார்கள். "சவ்வா நஊ" 9.15, "ஸாடே நஊ" 9.30, இந்த இரண்டும் நம் வழக்கப்படியே கூட்டுபவை. "பாவ்ணே" மட்டும்தான் குறைப்பது. "தீட்" என்றால் 1.30, "அடீச்" என்றால் 2.30. வாய்மொழியாக வந்த எந்த நேரத்தையும் "நஊ பஞ்சேசாளீஸ்?" என்று எண்ணாகத் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

## அறிகுறி: 10 மணிக்கே அரை மணி நேரம் தாமதம்

கஷ்டப்பட்டதும் அதிகம் கற்றுக்கொண்டதும் இங்கேதான். விழா நாளில் மைக் பிடித்தவர் "கொஞ்சம் வேகமா, வேகமா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றால் பிள்ளைகள் மெதுவாக ஓடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. அட்டவணையில் ஓட்டத்துக்கான நேரம் மட்டும் இருக்கிறது, வரிசையில் நிற்க வைக்கும் நேரம் இல்லை.

குறிப்பில் இப்படி இருந்தது: "100 மீ பையன்கள் 6–8ஆம் வகுப்பு, 15 நிமிஷம். பெண்கள் 15 நிமிஷம்." 100 மீட்டரை ஒரு பிள்ளை 15, 20 விநாடியில் ஓடிவிடுமே, 15 நிமிடம் தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் பெயர் கொடுத்தவர்கள் 43 பையன்கள். அந்த மைதானத்தில் சுண்ணாம்பு போட்டால் 6 தடம்தான் வரும். 43-ஐ 6-ஆல் வகுத்தால் 7 போக 1 மீதி. ஆக 8 சுற்று ஓட வேண்டும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? ஒரு வருடம் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். பெயர் கூப்பிடுவது, ஒருவன் ஷூ லேஸ் கட்டுவது, தடத்தில் நிறுத்துவது, ஒரு தப்பான தொடக்கம், ஓட்டம், முடிவுக் கோட்டில் யார் முதல் என்று எழுதி வாங்குவது, அடுத்த கூட்டத்தை அழைப்பது. விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் இடையே சராசரியாக 4 நிமிடம் ஆனது. 8 சுற்று 32 நிமிடம். பெண்கள் 34 பேர், 6 சுற்று, 24 நிமிடம். குறிப்பில் இரண்டுக்கும் சேர்த்து 30 நிமிடம் இருந்தது, தேவைப்பட்டது 56. அரை மணி நேரத் தாமதம் எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

தாண்டும் போட்டியில் கணக்கு வேறு மாதிரி. அங்கே கூட்டமாகத் தாண்ட முடியாது. நீளம் தாண்டுதலில் 18 பெண்கள், ஆளுக்கு 3 முயற்சி, ஆக 54 தாண்டல். அளந்து, மணலை நிரவி, அடுத்தவரைக் கூப்பிட ஒரு தாண்டலுக்கு 1 நிமிடம் என்று வைத்தால் 54 நிமிடம். பெரிய போட்டிகளில் வழக்கமாக 3 முயற்சிக்குப் பிறகு முதல் 8 பேருக்கு இன்னும் 3 முயற்சி கொடுப்பார்கள். 1 மணிக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டிய பள்ளிக்கு அது கட்டுப்படியாகாது. 3 முயற்சியோடு நிறுத்திக்கொள்வதை முன்கூட்டியே சாரிடம் பேசி நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

இந்தக் கணக்கைத் தாளுக்குள்ளேயே வைத்துவிட்டால் பிறகு யாரும் ஊகத்தில் நேரம் போட முடியாது. `நிரல்` என்று ஒரு தாள் வைத்து A-இல் போட்டி எண், B-இல் இடம், C-இல் பேர் எண்ணிக்கை, D-இல் ஒரு சுற்றுக்கு எத்தனை பேர், E-இல் ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று போடுங்கள். F தொடக்கம், G முடிவு. இரண்டையும் மணியாகப் போடாமல் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று முழு எண்ணாகப் போடுங்கள். காலை 8.35 என்றால் 515. முழு எண்ணாக வைத்தால் கூட்டுவதும் ஒப்பிடுவதும் பிசகாது.

முடிவு நேரம் G2-இல்:

```
=F2+ROUNDUP(C2/D2,0)*E2
```

அதே இடத்தில் அடுத்து நடக்கும் போட்டியின் தொடக்கம் F3-இல். நடுவே 5 நிமிட இடைவெளி விட்டு, 5-இன் மடங்குக்கு உயர்த்துகிறது:

```
=CEILING(G2+5,5)
```

அச்சுக்குப் போகும் கட்டத்தில் மட்டும் மணியாக மாற்றிக்கொள்ளலாம்:

```
=TEXT(F2/1440,"h:mm AM/PM")
```

நீளம் தாண்டுதலுக்கு D-இல் 1, E-இல் 3 என்று போட்டால் இதே வாய்பாடு 54 நிமிடத்தைத் தரும்.

43 பையன்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 6, 6 பேராகப் பிரித்துக்கொண்டே போனால் எட்டாவது சுற்றில் ஒரே ஒரு பையன் மிஞ்சுவான். எங்கள் விழாவில் ஒருமுறை அப்படித்தான் ஒரு ஆறாம் வகுப்புப் பையன் மொத்தப் பள்ளியும் பார்க்கத் தனியாக ஓடினான். தலையைக் குனிந்தபடியே ஓடி முடித்தான். அந்தப் பட்டியலைப் பிரித்தது நான்தான். சுற்று எத்தனை என்று தெரிந்த பிறகு பேரைச் சமமாகப் பங்கிடுங்கள்: 3 சுற்றில் 6 பேர், 5 சுற்றில் 5 பேர். நேரம் கூடாது, ஒரு பிள்ளையும் தனியாக நிற்காது.

8 சுற்றுக்கு 8 முதலிடம் வரும், இறுதியில் ஓட 6 தடம்தான். சுற்றில் முதலாக வந்தவர் எல்லோரும் இறுதிக்குத் தகுதி என்று நிரலில் எழுதியிருந்தால் அங்கே சண்டை வரும். ஸ்டாப்வாட்ச் பிடித்து, எல்லாச் சுற்றிலும் சேர்த்து வேகமான 6 பேர் என்று எழுதுங்கள். அதற்கு முடிவுக் கோட்டில் இரண்டு பேர் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். ஆள் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் இந்த விதியை எழுதாதீர்கள்.

## அறிகுறி: மைக்கில் பெயர் கூப்பிட்டால் பிள்ளை வேறு இடத்தில் இருக்கிறது

குறிப்பில் பெண்கள் நீளம் தாண்டுதல் 9.15 என்று இருந்தது. இடம் வேறு, ஓட்டப்பாதையோடு மோதாது என்று நினைத்தோம். நான் போட்ட புதுக் கணக்கிலும் பெண்கள் 100 மீட்டர் சுற்றுகள் 9.15-க்குத்தான் வந்தன. இடங்கள் மோதவில்லை, பிள்ளைகள் மோதினார்கள். இரண்டு பட்டியலிலும் 5 பெண்கள் இருந்தார்கள். வேகமாக ஓடுகிற பெண்தான் நீளமாகவும் தாண்டுவாள். அதனால் இந்த மோதல் எப்போதும் நல்ல வீராங்கனைகளைத்தான் பிடிக்கும்.

இதை நிரலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பேர்ப் பட்டியல் தனித் தாளாக இருக்க வேண்டும், ஒரு பிள்ளை ஒரு போட்டிக்கு ஒரு வரிசை. A-இல் பிள்ளையின் சேர்க்கை எண், B-இல் போட்டி எண். பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே வகுப்பில் மூன்று முருகன்கள் இருப்பார்கள். C-இல் தொடக்கமும் D-இல் முடிவும் `நிரல்` தாளிலிருந்து தானாக வரட்டும்:

```
=INDEX('நிரல்'!F:F,MATCH(B2,'நிரல்'!A:A,0))
```

D-க்கு இதில் F:F-ஐ G:G ஆக்கினால் போதும். பிறகு E2-இல் இந்தச் சோதனை:

```
=COUNTIFS(A:A,A2,C:C,"<"&(D2+5),D:D,">"&(C2-5))-1
```

இது சொல்வது என்னவென்றால், இதே பிள்ளைக்கு இந்தப் போட்டியோடு ஒன்றன்மேல் ஒன்று விழுகிற, அல்லது 5 நிமிடத்துக்கும் குறைவான இடைவெளி உள்ள வேறு போட்டி எத்தனை. கடைசியில் 1-ஐக் கழிப்பது, அந்த வரிசை தன்னையே எண்ணிக்கொள்வதால். 0 வந்தால் பிழைத்தோம். 0 அல்லாத வரிசைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

மோதினால் என்ன செய்வது? முதலில் தோன்றுவது, பெண்கள் தாண்டுதலை 9.45-க்குத் தள்ளுவது. தள்ளிப் பார்த்தேன். 10.39-க்குத்தான் முடிகிறது, அதற்குள் பெண்கள் 100 மீட்டர் இறுதி வந்துவிடுகிறது. பிறகு எதிர்ப்பக்கமிருந்து யோசித்தேன். குறிப்பில் பையன்கள் தாண்டுதல் 10.30-க்கு இருந்தது. இரண்டையும் இடம் மாற்றினேன். பெண்கள் ஓடும்போது பையன்கள் தாண்டட்டும், ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு பெண்கள் தாண்டட்டும். ஒரே மாற்றத்தில் 5 பேருடைய மோதலும் போனது. தொடர் ஓட்டத்தை மட்டும் பெண்கள் தாண்டி முடித்த பிறகு வைக்க வேண்டியிருந்தது.

இப்படி இடம் மாற்றியும் தீராமல் ஒருத்தி, இரண்டு பேர் மிஞ்சினால் நிரலைக் கலைக்க வேண்டாம். தடகள விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் ஓட்டமும் தாண்டுதலும் உள்ளவருக்கு, அந்தச் சுற்றுக்குள் தன் முறையை மாற்றித் தாண்ட நடுவர் அனுமதி தரலாம். அதற்குள் திரும்பி வராவிட்டால் அந்த முயற்சி விட்டுக்கொடுத்ததாகும். மணல் குழி நடுவரிடம் அந்தப் பிள்ளைகளின் எண்களை முந்தின நாளே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அங்கே போய் அழுதுகொண்டே விளக்க வேண்டிய நிலை ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு வரக்கூடாது.

சோதனை வாய்பாடு பிடிக்காத ஒன்று, சுற்றுக்கும் இறுதிக்கும் நடுவே உள்ள ஓய்வு. உலகத் தடகள விதியில் 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்குக் குறைந்தது 45 நிமிடம், அதற்கு மேல் 1000 மீட்டர் வரை 90 நிமிடம் இடைவெளி சொல்லப்பட்டிருக்கிறது. பள்ளி விழாவுக்கு அது கட்டாயமில்லை என்றாலும் நான் 45-ஐ விட்டுக்கொடுப்பதில்லை. இறுதிப் பட்டியலில் உள்ளவர்கள் யார் என்று முன்கூட்டித் தெரியாததால் இதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பெண்கள் சுற்று 9.39-க்கு முடிகிறது, இறுதி 10.25. ஒரு நிமிடம் மிச்சம்.

## அறிகுறி: இடம் என்ற கட்டத்தில் எல்லா வரிசையிலும் "மைதானம்"

இது எழுத்துச் சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் ஆபத்தானது. குறிப்பில் எலுமிச்சை ஓட்டமும் குண்டு எறிதலும் 8.35-க்கு, இரண்டும் "மைதானம்". நேரில் போய்ப் பார்த்தால் கேட் பக்கத்து மூலையில் சின்னப் பிள்ளைகளுக்கு நிழல் இருக்கிறதென்று அங்கே கோடு போட்டிருந்தார்கள். இரும்புக் குண்டு விழும் பக்கமும் அதுதான்.

முந்தின வாரம் ஒரு தடவை மைதானத்துக்குப் போய், ஒவ்வொரு இடத்துக்கும் நின்று பார்த்தால் தெரிகிற பெயரை வையுங்கள். எங்களுக்கு மூன்று: ஓட்டப்பாதை, மணல் குழி, கேட் மூலை. குண்டு விழும் பகுதியோடு ஒட்டிய எதையும் அதே இடப்பெயரில் போட்டுவிட்டால், முந்தைய போட்டி முடிந்த பிறகுதான் அடுத்ததன் தொடக்கத்தை வாய்பாடு கொடுக்கும். அப்படித்தான் குண்டு எறிதல் 9.10-க்குப் போனது. 52 குழந்தைகள், 8 பேராக 7 சுற்று, 9.03-க்கு முடிந்து மூலை காலியான பிறகு.

எல்லாம் சரிசெய்த பிறகு வந்த நிரல் இது:

| எண் | போட்டி | இடம் | தொடக்கம் | முடிவு |
|---|---|---|---|---|
| – | கொடியேற்றம், அணிவகுப்பு | ஓட்டப்பாதை | 8.00 | 8.30 |
| 1 | 100 மீ பையன்கள் (6–8), 8 சுற்று | ஓட்டப்பாதை | 8.35 | 9.07 |
| 41 | எலுமிச்சை ஓட்டம் (1–2) | கேட் மூலை | 8.35 | 9.03 |
| 31 | குண்டு எறிதல் பையன்கள் (9–10) | கேட் மூலை | 9.10 | 9.46 |
| 2 | 100 மீ பெண்கள் (6–8), 6 சுற்று | ஓட்டப்பாதை | 9.15 | 9.39 |
| 21 | நீளம் தாண்டுதல் பையன்கள் (6–8) | மணல் குழி | 9.15 | 10.03 |
| 3 | சாக்கு ஓட்டம் (3–4) | ஓட்டப்பாதை | 9.45 | 10.10 |
| 4 | 100 மீ பையன்கள் இறுதி | ஓட்டப்பாதை | 10.15 | 10.20 |
| 5 | 100 மீ பெண்கள் இறுதி | ஓட்டப்பாதை | 10.25 | 10.30 |
| 6 | கயிறு இழுத்தல் (பெற்றோர்) | ஓட்டப்பாதை | 10.35 | 10.59 |
| 22 | நீளம் தாண்டுதல் பெண்கள் (6–8) | மணல் குழி | 10.35 | 11.29 |
| 7 | தொடர் ஓட்டம், 4 ஹவுஸ், 4 ஓட்டம் | ஓட்டப்பாதை | 11.35 | 12.07 |
| – | பரிசளிப்பு | மேடை | 12.15 | 12.45 |

ஓட்டப்பாதையில் 11 மணியிலிருந்து 11.35 வரை காலியாக இருக்கிறதே, அங்கே இசை நாற்காலி வைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். காலையில் தவறுகிற ஒவ்வொரு நிமிடமும் வந்து விழுகிற இடம் அதுதான். அது இல்லையென்றால் தொடர் ஓட்டத்தைத்தான் வெட்ட வேண்டி வரும். பிள்ளைகள் வருடம் முழுக்கக் காத்திருப்பதோ தொடர் ஓட்டத்துக்கு.

## அறிகுறி: இரண்டு டீச்சர்களிடம் இரண்டு வேறு நேரம்

பழைய பிரதி சுற்றிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் கோப்பை மாற்றி அனுப்பினால் முந்தையது யாருடைய போனிலிருந்தும் மறையாது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் "பிரதி 3, டிசம்பர் 18 மாலை" என்று எழுதுங்கள். குழுவில் அனுப்பும்போது எது மாறியது என்று ஒரே வரியில் சொல்லுங்கள்: "21-உம் 22-உம் இடம் மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே."

அச்சில் இரண்டாம் பக்கத்தில் தலைப்பு வரிசை இல்லாமல் போனால், எக்செலில் `Page Layout` > `Print Titles` போய் `Rows to repeat at top` கட்டத்தில் முதல் வரிசையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் பக்கம் மட்டும் கையில் கிடைத்தவர், முடிவு நேரத்தைத் தொடக்கம் என்று படித்துப் பிள்ளைகளைத் தாமதமாகக் கூட்டி வருவார்.

நடுவர்களுக்கு முழு நிரல் வேண்டாம். B கட்டத்தை வடிகட்டி, மணல் குழிக்காரருக்கு மணல் குழி வரிசைகளை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். கூடவே முன்பு சொன்ன ஓட்டத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களின் சீட்டையும் அதில் குத்திவிடுங்கள். பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போகும் மௌசிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். யாரை எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தெரிய வேண்டியவர் அவர்தான். மராத்தியில் எழுதித் தந்தால் எங்கள் மௌசி படித்துவிடுவார். அதில் 9.45-ஐ எண்ணாகவே போட்டிருக்கிறேன்.